டியர் டீம் போட்ட கலியாணம்

எங்கள் கந்தோரில் செலீனுடைய குரலைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. முகத்தைக் கண்டவர்கள்தான் குறைவு. பம்பலப்பிட்டியில், காலி வீதி என்ற பெருந்தெருவைப் பார்த்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கண்ணாடிக்குப் பின்னால் தொலைபேசிப் பலகையோடு அவள் இருந்தாள். துறைமுகத்துக் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவன் முதல் டிரெக்டர் வரைக்கும் "குட் மோனிங், செலீன் ஸ்பீக்கிங்" என்ற அந்தக் குரலுக்கு ஒருநாளாவது பதில் சொல்லியிருப்பார்கள். கப்பல் ஏஜென்சி அல்லவா, ஆட்கள் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தார்கள். சிங்களவர், தமிழர், எங்கள் ஆட்கள், இரண்டு மூன்று பறங்கியர். எல்லாரையும் கட்டி வைத்திருந்தது அவளுடைய வயர்தான்.

எங்கள் ஆட்கள் என்றால் சோனகர். நான் லுத்பியா, மாளிகாவத்தை. கணக்குப் பிரிவில் இருந்தேன். செலீனும் நானும் ஒரே வயது, ஒரே மேசையில் பகல் சாப்பாடு, ஒரே வாய். கந்தோரில் யாரைப் பற்றியும் நல்லதும் கெட்டதும் நாங்கள் இருவரும் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

அவள் கொட்டாஞ்சேனைக்காரி. வேதக்காரி, அவளுக்குக் கோயில் என்றால் மாதா கோயில், சாமியார் என்றால் பாதிரியார். நாற்பத்தைந்து தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. தாயைப் பார்த்தாள், தாய் போன பிறகு தம்பிமாரை ஒவ்வொருவராகக் கனடாவுக்கு ஏற்றி அனுப்பினாள். ஏற்றிய பிறகு அவர்கள் வருசத்துக்கு ஒரு நத்தார் வாழ்த்து மட்டை போட்டார்கள். அக்கா மாக்ரெட் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தாள். வேறு வேலையில்லாமல் தங்கச்சிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருந்தவளுக்கு இருளப்பனோடு கலியாணம் சரிவந்தது ரோட்டு மூடினதால்தான். இருளப்பன் எங்கள் கம்பனி வான் சாரதி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கிருலப்பனையில் அறை எடுத்து இருந்தவர். பத்து வருசமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று "மிஸ், ஒரு கவர் இருக்குங்க" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஒருநாள் எங்கேயோ குண்டு என்று பஸ் எல்லாம் நின்றுபோக, பெண்களை வீடு சேர்க்கச் சொல்லி அவரை அனுப்பினார்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு, கடைசியாகச் செலீனோடு ஆமர் வீதிச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டார். மூன்று மணி நேரம் அசையவில்லை. பத்து வருசம் கதைக்காததை எல்லாம் மனுசன் அந்த மூன்று மணி நேரத்தில் கதைத்துத் தீர்த்துவிட்டார். அடுத்த நாள் செலீன் என்னிடம் வந்து, "லுத்பியா, நான் ஆமிக்காரனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வேணும்" என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனது.

மாக்ரெட்டுக்குத்தான் வயிறு எரிந்தது. சாரதி. தோட்டத்து ஆள். சைவ சமயம். போதாக்குறைக்கு வயதில் நாலு இளமை. எதைப் பிடித்து முதலில் ஏசுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து ஏசினாள். பிறகு கனடாவுக்குப் போன் எடுத்துத் தம்பிமாரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடைசியில் செலீனிடம் வந்து நிதானமாகச் சொன்னாளாம்: "கோயில்ல கட்டு, சாமியார் சம்மதிச்சா எனக்கென்ன. ஆனா எங்கட ஆக்கள் ஒரு குருவியும் வராது. மாப்பிள்ளைப் பக்கம் தோட்டத்திலயிருந்து ரெயில் நிறைய வருவினம். உன்ர பக்கத்து வாங்கு வெறுமையாக் கிடக்கும். கொட்டாஞ்சேனை முழுக்கப் பாக்கும்."

அந்தக் கதை செலீனை உள்ளுக்குள் அரித்துவிட்டது. ஏச்சுக்கு அசையாதவள், கோயிலில் உட்கார ஆளில்லாத அந்த வெறும் வாங்குக்குப் பயந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

"ஏன் புள்ள, நாங்க ஈக்கிறம் தானே?" என்றேன். "கந்தோர் முழுக்கக் கூப்பிடு. ஒரு வாங்கு என்ன, கோயிலே காணாது."

"எப்பிடிக் கூப்பிடுறது? நாலு இடத்தில இருக்கிறவங்களுக்கு ஆள் ஆளாக் காட் குடுக்கவா?"

"ஓல் ஸ்டாஃபுக்கு ஒரு மெயில் அடி."

அப்போதுதான் பிடித்தது வில்லங்கம். மெயிலில் என்ன எழுதுவது என்று அவளுக்குக் கவலையில்லை. ஆரம்பத்தில் எல்லோரையும் என்னவென்று கூப்பிடுவது என்பதுதான் கவலை. வெளியாட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் கந்தோரில் இருந்திருந்தால் அப்படித் தெரியாது. மெயில் வந்தால் கணினியில் திறக்க முன்பே முதல் இரண்டு வரி தெரியும். அதில் கூப்பிட்டிருக்கும் விதத்தைப் பார்த்தே எங்கள் சனம் முடிவெடுத்துவிடும். 'ஹாய் ஓல்' என்று வந்தால் யாரோ லம்பிறைஸ் சோற்றுப் பொதி விற்கிறார்கள், அல்லது குடையைத் தொலைத்துவிட்டார்கள். படிக்காமலே அழிப்பார்கள். 'ஹலோ எவ்ரிவன்' என்று வந்தால் ஆளணிப் பிரிவுச் சுந்தரலிங்கத்தார்: புது ஆள் சேர்ந்திருக்கிறார், டெங்கு நுளம்பு பரவுகிறது, தண்ணீர்த் தாங்கி கழுவப்படும். அதைத் தேத்தண்ணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 'டியர் டீம்' என்று வந்தால் அது எம்.டி. விக்ரமநாயக்க. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழும்பி நின்று படிக்க வேண்டியது அது.

செலீன் சுந்தரலிங்கத்தாரிடமே யோசனை கேட்டாள். வெள்ளவத்தை மனுசன், கழுத்துப்பட்டி கட்டாமல் மீன் வாங்கவும் போகமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பிள்ளை, டியர் டீம் எண்டு டீம் வைச்சிருக்கிறவன்தான் எழுதிறது. நீர் எழுதினா, ஆரின்ர டீம், ஆர் கப்டன் எண்டு கேப்பினம். ஹாய் ஓல் உம்மோட பழகின நாலு பேருக்குச் சரி. டிரெக்டர்மாரும் அதுக்குள்ள இருக்கினம், அவைக்கு அது தோளில தட்டுற மாதிரி. ஹலோ எவ்ரிவன் போடும். மேலயும் இல்லை, கீழயும் இல்லை. தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாருக்கும் பொருந்தும்."

சரியான யோசனைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் செலீன் மேசைக்கு வந்து நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லுத்பியா, எம்.டி.க்கு இந்த ஆக்களில பாதிப் பேரின்ர பேர் தெரியாது. எனக்கு அவையின்ர பிள்ளையளுக்குக் காய்ச்சல் வந்ததும் தெரியும். களஞ்சியத்துப் பெடியன்ர மனுசி பிள்ளை பெத்த நேரம் லைனில நான்தான் நிண்டனான். பிறகு இது ஆரின்ர டீம்?"

டியர் டீம் என்றே அடித்தாள்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. இருபது வருசமாக எம்.டி.யின் சுற்றறிக்கைகளை அடித்து அடித்து அவளுடைய கைக்கு வேறு பாசை வராமல் போயிருந்தது. அந்தச் சுற்றறிக்கைகள் எல்லாம் வரவேற்பு மேசையின் பொது மெயிலில் இருந்துதான் போகும். கலியாண மெயிலும் பழக்கதோசத்தில் அதிலிருந்தே போனது. மெயிலின் சாரம் இது: டியர் டீம், எதிர்வரும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கும், அதைத் தொடர்ந்து கோயில் மண்டபத்துக்கும் தவறாது சமுகமளிக்குமாறு சகலரும் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். நேரம் தவறாமை எதிர்பார்க்கப்படுகிறது. சமுகமளிக்காதவர்கள் மனவருத்தத்துடன் குறித்துக்கொள்ளப்படுவார்கள்.

கலியாணம் என்ற சொல் அதற்குக் கீழே இருந்தது. அதற்குக் கீழே எங்கள் கந்தோர்ச் சனம் போனால்தானே.

அரை மணி நேரத்தில் கந்தோர் கலங்கிவிட்டது. எம்.டி. சிங்கப்பூரில். கேட்பதற்கு ஆளில்லை. ஆகவே எல்லோரும் எல்லோருக்கும் பதில் எழுதத் தொடங்கினார்கள். களஞ்சியத்திலிருந்து ஒருவர்: சனிக்கிழமை வேலைக்கு மேலதிக நேரமா, பதில் லீவா? கட்டுநாயக்கக் கிளையிலிருந்து ஒருவர்: எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் வரும், மெடிக்கல் இணைத்திருக்கிறேன். எங்கள் மர்ஸூக்: மஃரிப் தொழுகைக்கு மண்டபத்தில் இடம் ஒதுக்கப்படுமா? ஒவ்வொன்றும் ஓல் ஸ்டாஃபுக்கு. இதை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள் என்று ஒருவர் எழுதினார், அதையும் எல்லாருக்கும். வரவு பதியும் கைரேகை மெசினைக் கழற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று பியோன் நேரிலேயே வந்து சுந்தரலிங்கத்தாரைக் கேட்டான். மனுசன் கண்ணாடியைத் துடைத்த துடைப்பில் அது உடையப் போகிறது என்று நினைத்தேன்.

போக்குவரத்துப் பகுதிப் பந்துல அய்யே ஒன்றும் கேட்கவில்லை. கட்டளை என்றால் கட்டளை. எந்த வான் எங்கிருந்து யாரை ஏற்றுவது என்று ரோஸ்டர் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். அதில் மாப்பிள்ளை இருளப்பனுக்கு மூன்றாம் வான் ஓட்டும் வேலை விழுந்திருந்தது.

இருளப்பன் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். "மிஸ், என்னைய சனிக்கிழம டியூட்டி போட்டுருக்காங்க. நம்ம கலியாணத்துக்கு ஆள் ஏத்தணுமாம். எத்தன மணிக்கு வுடுவாங்கன்னு கேட்டு சொல்லுங்க."

செலீன் தலையை மேசையில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துச் சிரித்து மூச்சு எடுக்க முடியாமல் கிடந்தாள். அதைப் பார்த்து நானும், என்னைப் பார்த்து இருளப்பனும். அந்த மனுசன் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன், வடிவான பல்.

எம்.டி. வந்த அன்று சிரிப்பு அடங்கிவிட்டது. சிங்கப்பூரில் இருந்தபடியே அத்தனை பதிலும் அவருக்கும் போயிருந்தது. முதல் வேலையாக, இனிமேல் ஒருவரும் எல்லாருக்கும் பதில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். அதற்கும் டியர் டீம்தான். பிறகு செலீனைக் கூப்பிட்டார். அவள் திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"ஏசினவரா?"

"இல்லை. வாழ்த்துச் சொன்னவர். பிறகு, இது கம்பனிக் கட்டளை இல்லை எண்டு இண்டைக்கே திருத்தி அனுப்பச் சொன்னவர். ரோஸ்டரும் கழட்டியாச்சு."

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. "அனுப்பு. ஆனா ஹாய் ஓல் எண்டு போட்டு அனுப்பு. ஒருத்தனும் தொறக்க மாட்டான். எம்.டி. சொன்னதும் செஞ்ச மாதிரி, சனமும் வந்த மாதிரி. வாங்கு நெறஞ்சா உனக்குக் காணும் தானே?"

நல்ல யோசனை. இப்போதும் சொல்கிறேன், நல்ல யோசனை. செலீனும் 'ஹாய் ஓல்' என்று அடித்தாள். அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் லுத்பியா. குறிச்சுக்கொள்ளுவினம் எண்ட பயத்தில வந்து இருக்கிற ஆக்களுக்கு முன்னால நான் எப்பிடித் தாலி கட்டிக்கொள்ளுறது? அதுக்கு வெறும் வாங்கு திறம்."

"பொறகு மாக்ரெட் சிரிச்சா?"

"சிரிக்கட்டும்."

அடித்ததை அழித்துவிட்டு, ஹலோ எவ்ரிவன் என்று எழுதினாள். இந்தத் தடவை தன் சொந்த மெயிலிலிருந்து: இது செலீன், தொலைபேசியில் இருக்கிறவள். முன்பு வந்தது கட்டளை அல்ல, என் கலியாணம். அதை அப்படி எழுதினது என் பிழை. வராதவர்களை ஒருவரும் குறிக்க மாட்டார்கள். வந்தால் எனக்குச் சரியான சந்தோசம், ஏனென்றால் என் பக்கத்தில் ஆட்கள் குறைவு. கேக் இருக்கிறது.

'ஆட்கள் குறைவு' என்ற இடத்தை நான் வெட்டச் சொன்னேன். வெட்டவில்லை. அனுப்பிவிட்டாள்.

பதில் ஒன்றுகூட வரவில்லை. எப்படி வரும், எம்.டி. தடை போட்டிருக்கிறாரே. தேத்தண்ணி நேரத்தில் படித்தார்களா, டெங்கு நுளம்பு என்று விட்டுவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. அவளுக்கு மட்டும் ஒரு பதில் போடலாம் என்று அந்தச் சனத்துக்குத் தெரியாதா என்று நான் பொரிந்துகொண்டு திரிந்தேன். நாலு இடத்திலிருந்தும் கோல் வந்தது. "குட் மோனிங், செலீன் ஸ்பீக்கிங்" என்றாள் அவள். துறைமுகத்து லைன் கேட்டார்கள், கொடுத்தாள். வருகிறேன் என்று ஒருவர் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு நான் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய் இறங்கினேன். மாப்பிள்ளைப் பக்கம் தோட்டத்துச் சனம் நிறைந்து வழிந்தது. ரெயிலில் வந்த அலுப்புத் தெரியாமல் பூ வைத்து, பொட்டு வைத்து, குழந்தைகள் வாங்குக்குக் கீழே புகுந்து விளையாடிக்கொண்டு. பெண் பக்கத்தில் சுந்தரலிங்கத்தார் மட்டும் முன்வாங்கில் கழுத்துப்பட்டியோடு விறைத்து இருந்தார். சரியாக நாலு மணிக்கு வந்தவர். நானும் பிள்ளைகளும் பரந்து இருந்து பார்த்தோம். எவ்வளவு பரந்து இருந்தாலும் நாலு பேர் நாலு பேர்தானே.

செலீனைக் காணவில்லையே என்று நான் வெளியே வந்து பார்த்தேன். காரை விட்டு இறங்காமல் இருந்தாள். ஒழுங்கை வீடுகளின் மேல்மாடி யன்னல் எல்லாம் தலைகள். இருளப்பன் கோட்டும் சூட்டுமாக, மாப்பிள்ளை உள்ளே நிற்க வேண்டும் என்ற முறையை விட்டுவிட்டு, காரடிக்கு வந்துவிட்டார். பழக்கத்தில் காரின் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றார்.

"மிஸ், உள்ள போவமா?"

"இன்னும் அஞ்சு நிமிசம்."

"யாரும் வராட்டி என்னாங்க. எங்க ஆளுகள்ல பாதிப் பேர அந்தப் பக்கம் ஒக்காரச் சொல்லட்டா? சொன்னா ஒக்காருவாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செலீன் கண்ணாடியை இறக்கி, "மிஸ் எண்டு சொல்லுறதை இண்டைக்காவது விடுங்கோ" என்றாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். ஐந்து நிமிசம் ஆகவில்லை. வெறும் வாங்குக்குத்தான் போகப்போகிறோம் என்று தெரிந்துதான் இறங்கினாள்.

அவள் படியில் கால் வைக்கவும் ஒழுங்கை முனையில் ஹோர்ன் சத்தம். எங்கள் கம்பனி வான். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் களஞ்சியத்து லொறி, பின்னால் ஆட்கள் சீலையும் சாரமுமாக நின்றுகொண்டு, விழாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. காய்ச்சல் வரும் என்று மெடிக்கல் அனுப்பின கட்டுநாயக்க மனுசன் குடும்பத்தோடு இறங்கினார். மர்ஸூக் வாப்பாவையும் கூட்டி வந்திருந்தான். எம்.டி. இரண்டாவது வானுக்குள் இருந்து, பெரிய பரிசுப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்க இடம் தேடினார்.

பந்துல அய்யே வியர்த்து ஊற்ற ஓடி வந்தார். "சொறி நோனா. ஆமர் வீதில ரோட்டு வஹலா, எல்லாம் மூடி. இவ்வளவு ஆள் எங்க போறது கேட்டது. நான் இத காட்டினது." சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசியை எடுத்தார். டியர் டீம். தவறாது சமுகமளிக்குமாறு. "ஆமி மாத்தயா படிச்சது. கம்பனி ஓடர் தானே, போங்க சொன்னது."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். செலீன் மட்டும் அந்தக் கடதாசியைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப நீங்க எல்லாரும் இதுக்குத்தான் வந்தனீங்களா, அய்யே?"

"ஐயோ இல்ல நோனா," என்றார் பந்துல. "இது ஆமிக்கு. எங்களுக்கு மத்த மெயில்."

செலீன் பந்துல அய்யேயின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கையிலிருந்த பூச்செண்டு நசிந்துபோகுமளவுக்கு. நான்தான் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோனேன், சாமியார் எவ்வளவு நேரம்தான் நிற்பார்.

கலியாணம் முடிந்து படத்துக்கு நின்றபோது, கமராக்காரர் வழக்கம்போல, "பொம்பிளை வீட்டு ஆக்கள் வாங்கோ" என்று கூப்பிட்டார். ஒரு நொடி ஒருவரும் அசையவில்லை. பிறகு பின் வாங்கிலிருந்து அந்தக் களஞ்சியத்துப் பெடியன் எழும்பினான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. பிறகு அந்தப் பக்கம் முழுக்க எழும்பியது. சுந்தரலிங்கத்தார் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். எம்.டி. எங்கே நிற்பது என்று பந்துல அய்யேயிடம் கேட்டார். கமராக்காரர் பின்னால் போனார், இன்னும் பின்னால் போனார், கோயில் வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"எல்லாரும் ஒரு படத்துக்குள்ள வராது. இவை எல்லாரும் பொம்பிளை வீடோ?" என்று அங்கிருந்து கத்தினார்.

"ஓம்," என்றாள் செலீன், தொலைபேசியில் சொல்கிற அதே குரலில். "ரெண்டு படமா எடுங்கோ."